ஈடு இல்லாமல் குழுக்கடன் திரும்பி வருவது எப்படி?

நகையோ பத்திரமோ கேட்காமல் சுய உதவிக் குழுவுக்கு வங்கி கடன் தருகிறதே, அது எதை நம்பி என்று சகோதரிகள் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். குழுக்கடன் 10 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஈட்டுக்குப் பதிலாக வங்கி வாங்குவது எல்லா உறுப்பினர்களின் கையெழுத்தை. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்பதே அந்தக் கையெழுத்தின் பொருள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 பெண்கள் மாதம் 200 ரூபாய் வீதம் 2 ஆண்டுகள் சேமித்தால் 57,600 ரூபாய். அதை அவர்களுக்குள்ளேயே சிறு கடனாகக் கொடுத்து வாங்கியிருப்பார்கள். யார் சொன்ன நாளில் தருவாள், யார் இழுத்தடிப்பாள் என்பது இதற்குள் தெரிந்துவிடும். வங்கி மேலாளருக்குத் தெரியாத இந்த விவரம்தான் உண்மையான ஈடு என்போம்.

பிறகு வங்கிக்கடன் 1,20,000 வருகிறது. ஆளுக்கு 10,000, 20 மாதத் தவணை. வட்டியை விட்டுவிட்டு அசலை மட்டும் பார்த்தால் மாதம் ஆளுக்கு 500. (வட்டியில்லாமல் அழகிய கடன் தரும் குழுவுக்கும் இதே கணக்குத்தான்.) ஒருவர் ஒரு மாதம் கட்டவில்லை என்றால், மற்ற 11 பேரும் ஏறத்தாழ 45 ரூபாய் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும். அடுத்த கடன் கைவிட்டுப் போகக் கூடாதே என்று போட்டுவிடுவார்கள். கட்டாதவர் வீட்டுக்கும் இரண்டு பேர் போய்க் கேட்பார்கள்.

நால்வர் கட்டாவிட்டால் எட்டுப் பேர் ஆளுக்கு 250 கூடுதலாகத் தர வேண்டும். 500 கட்ட வேண்டியவர் 750 கட்டுவார். அப்போது ஐந்தாமவர், "நான் மட்டும் ஏன் கட்ட வேண்டும்?" என்பார். குழு உடைவது இங்கேதான். எல்லோரும் பீடி சுற்றும் குழுவில் ஒரே மாதத்தில் எல்லோருக்கும் வேலை குறைந்தால், நால்வர் அல்ல, எட்டுப் பேர் கூட நின்றுவிடுவார்கள். பக்கத்து வீட்டார் கையெழுத்து அந்த மாதம் உதவாது. அதனால் தையல், இட்லிக் கடை, ஆடு வளர்ப்பு என்று வேலை கலந்திருக்கும் குழு தாங்கும்.

இன்னொரு கோளாறு நாம் அடிக்கடி பார்ப்பது. நான்கு பேர் பெயரில் கடன் எழுதப்படும், பணம் போவது ஒருவர் கைக்கு. அவர் நின்றால் ஒரே நாளில் நால்வர் நின்றதாகிவிடும். வெளியிலிருந்து இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. தீர்மானப் புத்தகத்தில் யாருக்கு எவ்வளவு, எதற்காக என்று எழுதியிருக்கும். அதில் பெயர் உள்ள பெண்ணிடம் நேரில் கேட்டால், பணம் என்ன ஆனது என்று அவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். கையெழுத்து கேட்டு வருகிற குழுவிடம் அந்தப் புத்தகத்தையும் கடைசி மூன்று மாத வருகைப் பதிவையும் முதலில் கேளுங்கள்.