எஃகாகத் தெரியும் ஃபோம் வாள்

காஸ்ப்ளே விழாக்களில் வாளுடன் வருபவரை நுழைவாயிலிலேயே நிறுத்திச் சோதிப்பார்கள். சான் டியாகோ காமிக்-கானில் உடையோடு வரும் ஆயுத மாதிரிகள் அனைத்தையும் பரிசோதித்து அடையாளச் சீட்டு கட்டிய பிறகே உள்ளே விடுகிறார்கள். உலோகம் பல விழாக்களில் கூடவே கூடாது. கூட்டத்தில் யாராவது திரும்பும்போது வாள் நுனி ஒரு குழந்தையின் முகத்தில் பட்டாலும் காயம் ஆகக் கூடாது என்பதுதான் காரணம். இதற்குப் பொருத்தமான பொருள் ஈ.வி.ஏ. ஃபோம். செருப்பின் அடிப்பாகத்திலும் உடற்பயிற்சி விரிப்புகளிலும் இருப்பது இதுவேதான். தெர்மோகோலை ஸ்ப்ரே பெயின்ட் கரைத்துவிடும், இதைக் கரைக்காது.

இரு கையால் பிடிக்கும் நேரான ஐரோப்பிய வாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலகு 85 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். 6 மி.மீ. தடிமனுள்ள, அடர்த்தியான ஃபோமில் ஒரே அளவில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். இரண்டின் உட்புறத்திலும் நடுவே நீளவாக்கில் 4 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, 8 மி.மீ. ஃபைபர்கிளாஸ் கம்பியை அதற்குள் பதிக்க வேண்டும். இந்த முதுகெலும்பு இல்லாவிட்டால் அலகு துவளும். மரக்குச்சியை வைக்காதீர்கள், அது ஒடிந்தால் கூரான முனை ஃபோமைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கம்பி கைப்பிடியின் அடிவரை போகட்டும். ஆனால் நுனிக்கு 5 செ.மீ. முன்பே அது நின்றுவிட வேண்டும். அந்தக் கடைசிப் பகுதி வெறும் ஃபோம் என்பதால் எதில் பட்டாலும் மடங்கிக்கொடுக்கும்.

ஒட்டுவதற்குச் செருப்பு ஒட்டும் ரப்பர் பசை போதும். இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள். சேர்த்தபின் நகர்த்த முடியாது. ஆகவே ஒரு முனையில் தொடங்கி, கோடு பார்த்துப் பொறுமையாக ஒட்டுங்கள்.

அலகு எஃகாகத் தெரிவதற்கு வண்ணத்தைவிட வடிவமே முக்கியம். உண்மையான வாளில் நடு முகட்டிலிருந்து இரு விளிம்புகளுக்கும் சாய்வான தளங்கள் இறங்கும். ஒரு தளத்தில் வெளிச்சம் விழும்போது மறு தளம் இருண்டிருக்கும். எஃகு என்று நம் கண் அடையாளம் காண்பது இந்தக் கூர்மையான மாற்றத்தைத்தான். முகடு மழுங்கினால் எவ்வளவு நல்ல வெள்ளி வண்ணம் பூசினாலும் அது சாம்பல் நிறப் பட்டை போலத்தான் இருக்கும். அதனால் நடுக்கோட்டைப் பேனாவால் வரைந்து, புதிய பிளேடால் கோட்டிலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்வாகச் சீவுங்கள். பிளேடு மழுங்கினால் ஃபோம் பிய்ந்து வரும், உடனே மாற்றிவிடுங்கள். விளிம்பை 3 மி.மீ. தடிமனில் நிறுத்தி லேசாக உருட்டிவிடலாம். தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது கூராகவே தெரியும். பிறகு 120, 220, 400 எண் உப்புத்தாள்களை, தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் முகடு போய்விடும். ஃபோம் தூசு மூச்சுக்குள் போகாமல் முகக்கவசம் அணிவது அவசியம்.

அடுத்து ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் அலகின் மேல் ஓட்டுங்கள். மேற்பரப்பில் மெல்லிய பளபளப்பு வந்தால் துளைகள் மூடிவிட்டன என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் சூடாக்கினால் அலகு வளையும். இரு பக்கமும் மாறி மாறிக் காட்டுங்கள். இதையும் பெயின்ட் வேலையையும் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிறகு தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லிய பூச்சுகளாக நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் பூசலாம். என் தேர்வு, ரப்பர் போல வளைந்துகொடுக்கும் ஸ்ப்ரே பிரைமர். அலகு வளையும்போது பசைப் பூச்சு வெடிக்கும்; இது வெடிக்காது.

இப்போது பளபளக்கும் கறுப்பு. அது நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட் தூளை மென்மையான துணியில் தொட்டு, நீளவாக்கில் அழுத்தித் தேயுங்கள். முகட்டிலும் விளிம்பிலும் கூடுதலாகத் தேய்த்து, கைக்காப்பை ஒட்டிய மூலையைக் கறுப்பாகவே விடுங்கள். அடியிலுள்ள கறுப்பு ஆங்காங்கே தெரிவதால்தான் ஆழமும் இருளும் கிடைக்கின்றன. வெள்ளி ஸ்ப்ரே மட்டும் அடித்தால் எல்லா இடமும் ஒரே வெளிர்ச் சாம்பலாகிவிடும். கிராஃபைட் கையில் ஒட்டும், அதனால் மேலே தெளிவான வார்னிஷ் தேவை. வார்னிஷ் பளபளப்பைக் கொஞ்சம் குறைக்கும். அதை மெல்லியதாக அடித்தால் இழப்பும் குறைவு.

முடிந்ததும் டியூப் லைட்டின் கீழே அலகை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒளிக்கோடு அடியிலிருந்து நுனிவரை நேராக ஓட வேண்டும். நெளிந்தால் அந்த இடத்தில் தளம் மேடுபள்ளமாக இருக்கிறது. அங்கே மட்டும் மீண்டும் தேய்த்து, பிரைமரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

விழா நாளில் வாளை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். ரப்பர் பசை இளகி விளிம்பு பிரியும், அலகும் வளையும். பிரிந்த இடத்தில் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, இரு பக்கமும் புதிதாகப் பூசி ஒட்டலாம். வளைந்த அலகைச் சமதளத்தில் வைத்து லேசாகச் சூடாக்கி, மேலே கனமான பலகையைப் போட்டு ஆறவிட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.