சத்திரப் பேற்றின்பின் முதல் நாள்கள்



சென்ற ஐப்பசி மாதத்திலே என் மூத்த மகள் ஒரு பெண் மகவை ஈன்றாள். குழந்தை தலை திரும்பாது குறுக்காகக் கிடந்தமையாற் சிசேரியன் எனப்படும் சத்திரசிகிச்சை செய்தே அதனை எடுக்க நேர்ந்தது. யான் மருத்துவம் பயின்றவள் அல்லேன். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் சொல்லிக் கொடுத்தவள். எனினும், விடுதியிலே மகளின் கட்டிலருகிருந்து கழித்த மூன்று நாள்களிலும், வீட்டிலே கழித்த ஆறு வாரங்களிலும் கண்டனவும், மருத்துவரையும் தாதியரையும் வினவி அறிந்தனவும் பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என எண்ணுகின்றேன்.

முதலில், வயிற்றிலே நிகழ்வது யாது என்பதை அறிதல் நன்று. அடிவயிற்றின் கீழ்ப்புறத்திலே தோலைக் குறுக்காக வெட்டுவர். அதன் கீழே கொழுப்பு. அதன் கீழே தசைகளை மூடியிருக்கும் வெண்ணிறமான, உறுதி மிக்க உறை. இவ்விரண்டும் வெட்டப்படும். உறையின் கீழுள்ள தசைகளையோ பெரும்பாலும் வெட்டுவதில்லை. திரைச்சீலையை விலக்குவதுபோல இரு புறமும் விலக்குவர். அதன்பின் வயிற்றின் உட்சவ்வையும் கருப்பையின் கீழ்ப்பகுதியையும் திறந்து குழந்தையை எடுப்பர். கருப்பை, உறை, தோல் ஆகியன தனித்தனியே தைக்கப்படுகின்றன. வெளியே நாம் காணும் தையல் இவற்றுள் ஒன்றே. தோல் ஒரு வாரத்திலே ஒட்டிவிடும். உள்ளேயிருக்கும் உறையோ ஆறு வாரத்திற் கூடத் தன் முழு வலிமையை அடைவதில்லை. நடக்கலாம், ஆனால் நீர் நிறைந்த வாளியைத் தூக்கலாகாது என்று மருத்துவர் சொல்வதன் காரணம் இதுவே.

என் மகளுக்குச் சத்திரசிகிச்சை முற்பகல் பத்து மணிக்கு நடைபெற்றது. முதுகிலே ஊசி ஏற்றி இடுப்பின் கீழ் மரத்துப்போகச் செய்தனர். ஆதலின் அவள் விழித்தே இருந்தாள். பிற்பகல் இரண்டு மணியளவிற் கால்விரல்கள் அசையத் தொடங்கின. அப்பொழுதே தாதியார் வந்து, பாதங்களை மேலும் கீழுமாக அசைக்கும்படியும், மணிக்கொரு தடவை ஆழ்ந்து மூச்செடுக்கும்படியும் சொல்லிச் சென்றார். மாலை ஆறு மணிக்கு அவரே மீண்டும் வந்து, “பிள்ளை, இனி எழும்பி இருப்பம்” என்றார். எனக்குத் திகைப்பாயிற்று. என் மாமியாரோ, “பச்சை உடம்புக்காரியை அதுக்குள்ள எழுப்பிறியளோ, மிஸ்ஸி?” என்று கேட்டே விட்டார். தையல் விட்டுவிடும் என்பது அவரது அச்சம்.

அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை. மெல்ல எழுந்து நிற்பதாலும் நடப்பதாலும் தையல் விடுவதில்லை. நடவாது கிடப்பதிலேதான் ஆபத்து உண்டு. பேற்றின்போது இரத்தப் பெருக்கு அளவு கடவாதிருக்கும் பொருட்டுக் கர்ப்பிணியின் இரத்தம் இயல்பாகவே விரைந்து உறையும் தன்மையைப் பெறுகின்றது. அத்தன்மை பேற்றின்பின்னும் சில வாரங்கள் நிலைக்கும். சத்திரசிகிச்சை பெற்றவள் அசையாது படுத்திருப்பாளாயின் கால் நாளங்களிலே இரத்தம் தேங்கிக் கட்டியாக உறைதல் கூடும். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடையுமாயின் உயிருக்கே கேடாம். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியுந்தோறும் இரத்தத்தை மேலே தள்ளுகின்றது. நடையின் பயன் அதுவே. உடற்பருமன், முன்னர் இரத்தக்கட்டி ஏற்பட்டமை போன்ற காரணங்கள் உள்ளோர்க்கு இதற்கென ஊசியும் இடுவர். நடை குடலையும் எழுப்புகின்றது. சத்திரசிகிச்சையின்பின் குடல் சோர்ந்து காற்று அடைத்துக்கொள்வதுண்டு. சிலருக்கு வலி தோளிலே கூடத் தோன்றும். வயிற்றினுள்ளே தங்கிய காற்று உதரவிதானத்தை உறுத்துவது அதற்கு ஒரு காரணம்.

எழும் முறையைத் தாதியார் காட்டியவாறே சொல்லுகின்றேன். மல்லாந்து கிடந்தபடியே தலையைத் தூக்கி எழ முயலலாகாது. அது வயிற்றை இழுத்து வலியைப் பெருக்கும். முழங்கால்களை மடக்கி, உடல் முழுவதையும் ஒன்றாக ஒரு பக்கம் திருப்புதல் வேண்டும். பின், கால்களைக் கட்டிலின் விளிம்பிற்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்ப்புறத்து முழங்கையையும் மறுகையையும் ஊன்றி எழுந்து உட்காருதல் வேண்டும். உடனே நிற்றல் கூடாது. சில நிமிடங்கள் அமர்ந்திருந்து தலைசுற்று இல்லை எனக் கண்ட பின்னரே, ஒருவர் பக்கத்திற் பற்றிக்கொள்ள, நிற்கலாம். இருமல் வந்தால் மடித்த துவாயையோ சிறு தலையணையையோ காயத்தின்மேல் அழுத்திக்கொண்டு இருமலாம். என் மகள் அன்று மாலை கட்டிலிலிருந்து கதிரைவரை நாலடி நடந்தாள். மறுநாட் காலை சிறுநீர்க்குழாயை அகற்றிய பின்னர் மலசலகூடம்வரை சென்றாள்.

அம்முன்னேற்றம் மறுநாள் மாலை தடைப்பட்டது. காரணம் நாமே. முதுகில் ஏற்றிய மருந்தின் பயன் ஏறக்குறைய ஒரு நாள் வரை நின்றது. அது தணியுமுன்னரே உட்கொள்ளும்படி கொடுத்த மாத்திரைகளை அவள் தலையணையின் கீழே வைத்துவிட்டாள். மருந்து பாலிலே கலந்து பிள்ளைக்குப் போய்விடும் என்று அடுத்த கட்டிலிலிருந்த ஒரு பெண் சொன்னாளாம். “நோவைத் தாங்கிக்கொள்” என்று யானும் அறியாது கூறினேன். மாலையில் அவளாற் புரண்டு படுக்க முடியவில்லை. வலியினால் மூச்சு மேலோட்டமாயிற்று, நடை நின்றது. குழந்தையை மடியில் வைக்க முடியாமையாற் பாலூட்டலும் நின்றது. மார்பு கட்டியது, குழந்தை அழுதது, தாயும் அழுதாள்.

இரவுக் கடமையிலிருந்த மருத்துவர் அமைதியாக விளக்கினார். வலி வந்த பின் மருந்தைத் தேடுவது கூடாது. முதற் சில நாள்கள் மணிக்கணக்குப்படி உட்கொண்டு வலியை எழவொட்டாது தடுத்தல் வேண்டும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டு, ஆறு மணித்தியாலத்திற்கு ஒரு முறை. 24 மணித்தியாலத்தில் எட்டு மாத்திரைக்கு மேற்படலாகாது. உடல் நிறை மிகக் குறைந்தோர்க்கு அளவும் குறையும். அதனோடு டைக்ளோபினாக் போன்ற, அழற்சியைத் தணிக்கும் மருந்தொன்றையும் சேர்ப்பர். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உடையோர் இரண்டாவதைப் பற்றி மருத்துவரிடம் முன்னரே சொல்லுதல் வேண்டும். இவ்விரண்டும் பாலிலே மிகச் சிறிதளவே கலக்கின்றன, குழந்தைக்குத் தீங்கில்லை. கொடீன் என்னும் மருந்தின் நிலை வேறு. சில பெண்களின் உடல் அதனை மிக விரைவாக மோர்பீனாக மாற்றுவதால், பால் குடிக்கும் பிள்ளை அளவுக்கு மிஞ்சி உறங்கி மூச்சுத் தளர்தலும் கூடும். ஆகவே, வீட்டிலிருக்கும் பழைய வலிமாத்திரையைத் தாமாக எடுத்து விழுங்குதல் தகாது. பனடோல் என்பதும் பரசிற்றமோல் என்பதும் ஒரே மருந்தே என்பதை அறியாது இரண்டையும் உட்கொள்வோரும் உளர்.

மாத்திரை உட்கொண்டு ஒரு மணித்தியாலம் கழிந்தபின் தாதியார் குழந்தையைக் கொணர்ந்து, காயத்தின்மேற் படாதபடி தாயின் கைக்கீழே, அவளது விலாவோரமாக வைத்தார். குழந்தையின் கால்கள் தாயின் முதுகுப்புறம் நீண்டிருந்தன. தலை அவளது உள்ளங்கையிலே தங்கியது. கீழே ஒரு தலையணை. பக்கவாட்டிலே படுத்தவாறு ஊட்டுவதும் இத்தகையோர்க்கு ஏற்றதே. குழந்தை வாயை அகலத் திறந்து கவ்விக் குடித்தது. சத்திரப் பேற்றின்பின் பால் பெருகுவது சிலருக்கு ஒரு நாள் பிந்தும். முதலிற் சுரக்கும் மஞ்சட்பால் சில துளிகளே ஆயினும் அந்நாள்களுக்கு அது போதும். அடிக்கடி சப்பக் கொடுத்தலே சுரப்பைப் பெருக்கும்.

அன்றிரவு மகள் என்னிடம் மெல்லிய குரலிற் சொன்னாள்: “அம்மா, முதல்முதல் பிள்ளையைக் காட்டேக்கை எனக்கு ஒண்டுமே தோன்றேல்லை. ஆரோ ஒருவரின்ர பிள்ளை மாதிரி இருந்தது. நான் கூடாத தாயோ?” யான் உடனே விடை கூற இயலாது இருந்தேன். காலையிலே தாதியாரிடம் கேட்டபோது, இவ்வாறு பலரும் சொல்வதுண்டு என்றார். களைப்பு, அச்சம், உணர்வற்ற கால்கள், தன் உடம்பைப் பிறர் கையாண்ட திகைப்பு ஆகியவற்றின் நடுவே அன்பு உடனே பொங்காமை குற்றமன்று. அவர் செய்வித்தது எளியதொன்று. குழந்தையின் உடைகளைக் களைந்து, அணையாடையோடும் தொப்பியோடும் தாயின் வெற்று மார்பின்மேற் கிடத்தி, இருவரையும் ஒரு போர்வையால் மூடினார். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு மூடப்படாதிருத்தல் வேண்டும். தாய் உறங்கிவிட்டால் ஒருவர் அருகே விழித்திருத்தல் வேண்டும். தாயின் சூட்டிலே குழந்தையின் சூடும் மூச்சும் சீராகின்றன. பால் சுரத்தலும் எளிதாகின்றது. தாய்க்கு இயலாத வேளையிலே தந்தையின் மார்பும் இதற்கு ஆகும். என் மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டு வெட்கத்தோடு அமர்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நாலாம் நாளளவிற் குழந்தையின் காதுமடல் தன் தந்தையின் காதுபோல இருப்பதை மகள் கண்டு சொன்னாள். அதன்பின் அவ்வினாவை அவள் மீண்டும் கேட்கவில்லை. துயரமும் வெறுமையும் இரண்டு வாரத்தின்மேல் நீடிக்குமாயின் அது வேறு. அது மருத்துவம் வேண்டும் நோய்.

வீடு திரும்பியதும் காயத்தைப் பற்றிய வழக்கு எழுந்தது. மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூச விரும்பினார். சரக்குக் கறியையும் உள்ளியையும் யான் தடுக்கவில்லை; அவை உணவு. மூடிவரும் காயத்தின்மேல் அரைப்பு, எண்ணெய், பூசுமா எதுவும் கூடாது. நாள்தோறும் ஓடும் சுத்தமான நீராற் கழுவி, தேய்க்காது, தூய துவாயால் ஒற்றி உலர்த்துதலே போதும். வயிற்றுமடிப்பு காயத்தின்மேல் விழுமாயின் அவ்விடத்தை மறவாது உலர்த்துதல் வேண்டும். ஈரமே கிருமிக்கு இடம். உள்ளாடையின் விளிம்பு காயத்திற் படாதவாறு உயர்ந்த, தளர்ந்த பருத்தி ஆடை நன்று.

ஏழாம் நாள், காயத்தின் வலப்பக்க நுனியிலே ஒரு விரற்கடை சிவந்து, ஆடையிலே சிறிது நீர் படிந்திருந்தது. அதுவரை குறைந்துவந்த வலி அவ்விடத்தில் மட்டும் கூடியிருந்தது. பெரும்பாலான காயத்தொற்றுகள் வீடு சென்ற பின்னரே வெளிப்படுகின்றன. குறைந்துவந்த வலி திரும்ப ஏறுதல் அவற்றின் அடையாளங்களுள் ஒன்று. அன்று எம்மைப் பார்க்க வந்த குடும்பநல மாது காய்ச்சல் இல்லை எனக் கண்டும், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லும்படி கூறினார். அங்கே காயத்தைத் துப்புரவாக்கி, பால் கொடுப்போர்க்கு ஏற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தந்தனர். ஐந்து நாளில் அது ஆறிவிட்டது. தழும்பைச் சுற்றி மரத்திருத்தல் பல மாதம் நீடிக்கும்; அது தோலின் நுண்ணரம்புகள் வெட்டுண்டமையால் வருவது, அஞ்ச வேண்டுவதில்லை.

காய்ச்சல், துர்நாற்றமுள்ள இரத்தப்போக்கு, ஒரு மணித்தியாலத்தில் ஓர் அணையாடை முழுதும் நனையும் பெருக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் விடியும்வரை காத்திராது புறப்படுதல் வேண்டும். திடீரென மூச்சு முட்டுதலோ நெஞ்சு நோதலோ ஏற்படின் வண்டி தேடி அலையாது 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்சை வரவழைத்தல் வேண்டும்.

ஆறு வாரம் வரை குழந்தையினும் பாரமான எதையும் மகள் தூக்கவில்லை. கிணற்றுவாளியை மருமகன் எடுத்துக்கொண்டார். மாமியாரோ, நாள்தோறும் மாலையிலே பேத்தியைத் தோளிற் சாய்த்தபடி, “எழும்பு பிள்ளை, வளவைச் சுத்தி ஒருக்கால் நடந்து வருவம்” என்று தாமே அவளை அழைக்கத் தொடங்கினார்.