மோதிரத்தில் ஒளிந்திருந்த மகன்

வீடியோ கேமில் கதை சொல்லச் சுலபமான வழி, ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு குட்டி சினிமாவை ஓட்டுவது. இதைக் கட்சீன் என்பார்கள். கதாபாத்திரங்கள் வந்து பேசுவார்கள், அழுவார்கள், சாவார்கள். ஆடுபவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு மறுபடியும் ஆடப் போகலாம். 2011இல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ்’ இந்த வழியை ஏறக்குறைய கைவிட்டது. தொடக்கத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு புராணம் ஓடும். க்வின் என்ற தலைவன் மின்னலைக் கொண்டு டிராகன்களை வென்று தேவர்களின் அரசை நிறுவினான், இப்போது நெருப்பு அணைந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான். மிச்சக் கதையெல்லாம் கையில் கிடைக்கும் பொருட்களுக்குக் கீழே இருக்கும் நாலைந்து வரிகளிலும், அந்தப் பொருள் கிடந்த இடத்திலும் இருக்கிறது.

இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி இதற்கு ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் தன் வாசிப்புத் திறனுக்கு மீறிய புத்தகங்களைப் படித்தாராம். பாதி புரியாது. புரியாத இடங்களைப் படங்களைப் பார்த்தும் கற்பனை செய்தும் நிரப்பிக்கொள்வாராம். அந்த அனுபவத்தைத்தான் ஆடுபவர்களுக்கும் கொடுக்கிறார்.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரே ஒரு ஆளைப் பின்தொடர்வோம். க்வினின் மூத்த மகன். முதல் ஆட்டம் முழுக்க இவன் ஓரிடத்திலும் தோன்றுவதில்லை.

ஆட்டத்தில் ஒரு மோதிரம் கிடைக்கும். விவரத்தைத் திறந்தால், அணிந்தவரின் தெய்வீக மந்திரங்களுக்கு வலு கூடும் என்று முதலில் பயனைச் சொல்கிறது. பெரும்பாலோர் அதோடு மூடிவிடுவார்கள். அதன் கீழேதான் விஷயம். இது க்வினின் மூத்த மகன் அணிந்தது, அவன் போர்த்தெய்வமாக இருந்தவன், ஏதோ மடத்தனம் செய்ததால் தெய்வப் பதவி பறிக்கப்பட்டது, இன்று அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. என்ன மடத்தனம்? சொல்லவில்லை.

பிறகு ஒரு பதக்கம். சூரியச் சின்னம் பொறித்தது, லேசான வெதுவெதுப்புடன் இருக்கும். ‘சூரிய வீரர்கள்’ என்ற குழுவினருக்குக் கிடைக்கும் மரியாதை அது. அந்தச் சின்னமே பெயர் அழிக்கப்பட்ட மூத்த மகனுக்குரியது என்கிறது விவரம். சூரிய வீரர்களின் பலிபீடத்துக்குப் போனால் அங்கே ஒரு சிலை இடிந்து கிடக்கிறது. யாருடைய சிலை என்று எழுதிவைக்கவில்லை. ஆனால் மோதிரத்தையும் பதக்கத்தையும் படித்தவருக்கு அது வெறும் அலங்கார இடிபாடாகத் தெரியாது. ஏட்டிலிருந்து பெயரை நீக்கியவர்கள் சிலையையும் விட்டுவைக்கவில்லை என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது துண்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தேவர்களின் நகரமான ஆனோர் லோண்டோவில் ஒளித்துவைக்கப்பட்ட க்வினின் கல்லறையில் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே ஆயுதத்துக்குச் சூரிய ஒளி ஏற்றும் ஒரு மந்திரம். மூத்த மகன் தன் தந்தையின் சவப்பெட்டியருகே விடைபெறும்விதமாக விட்டுச்சென்றது என்று விவரம் சொல்கிறது. இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். கல்லறை இருக்கிறதென்றால் க்வின் நகரத்தை விட்டுப் போய்விட்ட பிறகு நடந்தது இது. க்வினோ அந்தக் கல்லறையில் இல்லை. நெருப்புக்குத் தன்னையே விறகாகக் கொடுக்கப் போனவன் அவன், கடைசிச் சண்டை அவனோடுதான். ஆக, விரட்டப்பட்ட மகன், அப்பா போனபின் ஊருக்குள் வந்து, ஆளில்லாத கல்லறையில் விடைபெற்றுப் போயிருக்கிறான். இந்தக் காட்சியை ஆட்டம் எங்கேயும் காட்டவில்லை. ஒரு பெட்டி, ஒரு வரி, அந்தப் பெட்டி இருக்கும் இடம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் காட்சி விரிகிறது. அதே பெட்டியை வேறு எங்காவது வைத்திருந்தால் கதையில் பாதி போயிருக்கும்.

இதனால்தான் இந்த ஆட்டங்களை நுணுக்கமாகப் படிப்பவர்கள் ஒரு பொருள் கிடைத்ததும், என்ன எழுதியிருக்கிறது என்பதோடு எங்கே கிடந்தது, யாருடைய உடலருகே கிடந்தது என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். ஒரே ஆளைப் பற்றிய வரிகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் இடைவெளி எங்கே என்று தெரியும்.

இடைவெளியை நிரப்பும் அவசரத்தில் சறுக்குவதும் உண்டு. அந்தப் பலிபீடத்துக்கு வெளியே சொலேர் என்ற வீரன் சூரியனைப் பார்த்தபடி நிற்பான். மார்பில் சூரியச் சின்னம், கையில் மின்னல், யாரும் மறக்க முடியாத நல்ல மனசு. இவன்தான் அந்த மகன் என்று ரசிகர்கள் பலர் சத்தியம் செய்தார்கள். ஆனால் அவனுடைய கவசத்தின் விவரம், அந்தச் சின்னத்துக்கு எந்தச் சக்தியும் இல்லை, அவனே வரைந்துகொண்டது என்கிறது. அவன் வாளைப் பற்றிய வரியோ, நன்றாகப் பராமரிக்கப்பட்ட சாதாரண வாள், சூரியன் என்ற ஆடம்பரப் பெயருக்கு ஈடுகொடுக்காது என்று கிண்டலே செய்கிறது. தனக்குச் சாதகமான துண்டுகளை மட்டும் பொறுக்கினால் சொலேர் தெய்வமாகிவிடுவான். எதிரான துண்டுகளையும் தேடிப் படித்தவர்கள் அப்போதே சந்தேகப்பட்டார்கள்.

இன்னொரு சிக்கல், விவரங்களே எப்போதும் உண்மை பேசுவதில்லை. ஆர்டோரியஸ் என்ற மாவீரன் பாதாள இருளை வென்றான் என்றுதான் முதலில் எல்லோரும் நம்பினார்கள். 2012இல் வந்த கூடுதல் பகுதியில் ஆடுபவர் அந்தக் காலத்துக்கே போகிறார். அங்கே ஆர்டோரியஸ் இருளுக்கு இரையாகிப் பித்துப்பிடித்து நிற்கிறான், இடது கை முறிந்து தொங்குகிறது, கேடயமும் இல்லை. கேடயம் எங்கே? இன்னும் ஆழத்தில் போனால், அவனோடு வந்த ஓநாய்க்குட்டி சிஃபுக்கு முன்னால் காவலாக இருக்கிறது. இருளை அடக்குவது கடைசியில் ஆடுபவர்தான், பெயர் மட்டும் ஆர்டோரியஸுக்குப் போய்விட்டது. ராஜாவின் மெய்க்கீர்த்தியை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாதல்லவா, அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும். எழுத்து ஊர் பேசியதைச் சொல்கிறது, முறிந்த கையும் கேடயம் இருந்த இடமும் நடந்ததைச் சொல்கின்றன.

மூத்த மகனுக்கு வருவோம். 2016இல் வெளியான மூன்றாம் பாகத்தில் டிராகன் சிகரம் என்று ஒரு இடம். அங்கே போக வழிகாட்டி கிடையாது. ஒரு சிறைக்கோட்டையின் வெளிப்புறப் பாறைமேட்டில் டிராகனாக மாற முயன்று, உட்கார்ந்த நிலையிலேயே செத்துப்போன ஓர் உடல் இருக்கும். அதன் பக்கத்தில் நாமும் அதே மாதிரி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சிகரத்தில் கண் விழிப்போம். உச்சியில் டிராகன் மேல் ஏறி, மின்னல் ஈட்டியோடு ஒருவன் வருகிறான். திரையில் அவன் பெயராக வருவது ‘பெயரற்ற அரசன்’. அவனை வீழ்த்தினால் கிடைக்கும் பொருட்கள், டிராகன்களைக் கொன்ற போர்த்தெய்வம் எல்லாவற்றையும் துறந்து டிராகன்களோடு சேர்ந்துகொண்டான் என்கின்றன. அவன் கிரீடம் முதல் தலைவனின் கிரீடத்தை அப்படியே ஒத்திருக்கிறதாம். க்வினின் தளபதி ஆர்ன்ஸ்டீனின் கவசமும் அதே சிகரத்தில் கிடைக்கிறது, பெயரற்ற அரசனைத் தேடிப் புறப்பட்டவன் என்ற குறிப்போடு. நான் க்வினின் மகன் என்று அவன் வாய் திறந்து சொல்வதே இல்லை. மோதிரம் பேசிய மடத்தனம் எது என்பது இப்போது ஓரளவு பிடிபடுகிறது. டிராகன்களைக் கொன்று உருவான ஓர் அரசின் வாரிசு, அதே டிராகன்களின் பக்கம் போய்விட்டான்.

பெயர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 2014இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஃபாராம் என்ற போர்த்தெய்வத்தைப் பற்றி ஒரு கவசம் பேசுகிறது. அதுதான் அவன் பெயர் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். போர்த்தெய்வம் என்ற பட்டம் ஒன்றாக இருப்பதைத் தவிர பெரிய ஆதாரம் எனக்குப் படவில்லை. சொலேர் விஷயத்தில் இருந்தது இதைவிடப் பலமான ஆதாரம்.