தொகையில் மட்டும்தான் தகராறு

பருத்திக் குடோனில் தீ. இன்சூரன்ஸ் இருக்கிறது, பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறது. நிறுவனமும் 'இழப்பீடு தருகிறோம்' என்று எழுத்தில் சொல்லிவிட்டது. ஆனால் மில்காரர் கேட்பது 1 கோடியே 90 லட்சம், நிறுவனம் தருவதாகச் சொல்வது 1 கோடியே 36 லட்சம். நான்கு முறை பேசியாயிற்று, கடிதங்கள் போய் வந்தாயிற்று, தொகை அசையவில்லை. பாலிசியின் கடைசிப் பக்கங்களில் யாரும் படிக்காமல் கிடக்கும் நடுவர் ஷரத்து, நம் ஊரில் ஆர்பிட்ரேஷன் கிளாஸ் என்று சொல்வது, வேலைக்கு வருவது இந்த இடத்தில்தான்.

அது எல்லாத் தகராறுக்குமான கதவு அல்ல. இந்தியாவில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த தீ விபத்து பாலிசியின் ஷரத்து சொல்வதன் சாரம் இவ்வளவே: இழப்பீடு தர வேண்டிய பொறுப்பை நிறுவனம் ஒப்புக்கொண்டு, எவ்வளவு என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தால் அதை நடுவர் தீர்ப்பார். ஒருவர் இந்த ஷரத்தைக் கோரி 30 நாளுக்குள் இரு தரப்பும் ஒரே நடுவரை ஒப்புக்கொள்ளவில்லை என்றால், தரப்புக்கு ஒருவர், அந்த இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்றாமவர் என மூவர் குழு அமையும். நிறுவனம் பொறுப்பையே மறுத்துவிட்டால் விஷயம் நடுவரிடம் போகவே முடியாது.

கடைசி வரியை உச்ச நீதிமன்றம் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறது. 2013 அக்டோபரில் பைலின் புயல் அடித்தபோது ஒடிசாவில் சேதமடைந்த நர்பேராம் பவர் அண்ட் ஸ்டீல் தொழிற்சாலையின் வழக்கு ஒரு சான்று. காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையையே நிராகரித்திருந்தது. தொழிற்சாலை நடுவரைக் கேட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம், பொறுப்பு மறுக்கப்பட்ட இடத்தில் இந்த ஷரத்துக்கு உயிர் இல்லை, சிவில் வழக்குத்தான் வழி என்றது. அதனால் நிறுவனத்தின் கடைசிக் கடிதத்தை முதலில் நிதானமாகப் படியுங்கள். 'இவ்வளவுதான் தர முடியும்' என்பது ஒன்று, 'பாலிசியில் இதற்கு இடமில்லை' என்பது வேறொன்று. மழுப்பலாக இருந்தால், 'பொறுப்பை ஏற்றுத் தொகையை மட்டும் குறைத்திருக்கிறீர்களா?' என்று ஒரே கேள்வியாக மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்வது பிறகு பெரிய துணை.

உங்கள் பாலிசியில் ஷரத்து இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். 2023 அக்டோபரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதை மாற்றியது. வீடு, வாகனம், மருத்துவம் போன்ற சில்லறைப் பாலிசிகளில் ஷரத்தையே எடுக்கச் சொன்னது. வணிகப் பாலிசிகளில், இரு தரப்பும் விரும்பினால் தனியே நடுவர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆனது. அதற்கு முன்பே எடுத்த பாலிசிகள் காலம் முடியும்வரை பழைய ஷரத்தோடு தொடர்ந்தன. சில்லறைப் பாலிசிதாரருக்கு இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மன் இருக்கிறார், 50 லட்சம் ரூபாய் வரை செலவில்லாமல் கேட்கலாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு. ஆகவே இனி நான் சொல்வது பழைய ஷரத்து உள்ளவர்களுக்கும், தனி ஒப்பந்தம் போட்ட தொழில் நிறுவனங்களுக்கும்தான்.

மில்லின் கணக்குக்கு வருவோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு. பாலிசி 2023 ஆகஸ்டில் எடுத்தது, தீ 2024 ஜூனில். பருத்திக்குக் காப்பீட்டுத் தொகை 4 கோடி. எரிந்தது 700 பேல், பேல் 28,000 ரூபாய், மொத்தம் 1 கோடியே 96 லட்சம் என்கிறது மில். பாதி எரிந்த பஞ்சை விற்றால் 6 லட்சம் வரும், அதைக் கழித்தால் 1 கோடியே 90 லட்சம்.

சர்வேயர் வேறு மாதிரி வந்தார். 50 பேலுக்கு எடைமேடைச் சீட்டும் வாசல் பதிவும் இல்லை, ஆகவே 650 பேல்தான், 1 கோடியே 82 லட்சம். மிச்சப் பஞ்சின் மதிப்பு 6 அல்ல, 12 லட்சம். மீதி 1 கோடியே 70 லட்சம். அடுத்து, தீப்பிடித்த அன்று எல்லாக் குடோன்களிலும் சேர்த்து 5 கோடிக்குப் பருத்தி இருந்தது, காப்பீடு 4 கோடிக்குத்தான், எனவே ஐந்தில் நான்கு பங்குதான் கிடைக்கும் என்றார். குறைவாக இன்ஷூர் செய்தவர் இழப்பில் ஒரு பங்கைத் தானே சுமக்க வேண்டும் என்பது தீக் காப்பீட்டின் பழைய விதி. 1 கோடியே 36 லட்சம் வந்தது இப்படித்தான். மில்லோ, அந்த 5 கோடியில் ஒரு கோடி, கூலிக்கு நூற்பதற்காக வேறு கம்பெனிகள் அனுப்பிய பஞ்சு, அதைத் தன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது.

வித்தியாசம் 54 லட்சம். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். 50 பேல் 14 லட்சம், மிச்சப் பஞ்சு 6 லட்சம், குறைக்காப்பீடு 34 லட்சம். பேச்சுவார்த்தையில் எல்லோரும் பேல் கணக்கைப் பற்றியே சண்டை போட்டிருப்பார்கள், பெரும்பணம் வேறிடத்தில் கிடந்திருக்கும். நடுவரிடம் போகும் முன் இந்தப் பிரிப்பைச் செய்யாதவர், எதற்காகப் போகிறோம் என்றே தெரியாமல் போகிறார்.

நோட்டீஸில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். கோபத்தோடு எழுதிய நோட்டீஸ் இப்படி இருக்கும்: 'உங்கள் சர்வேயர் வேண்டுமென்றே பொய் அறிக்கை கொடுத்து எங்களை ஏமாற்றிவிட்டார். நேர்மையில்லாத உங்கள் நிறுவனம் எங்களுக்கு 1.90 கோடியும், மன உளைச்சலுக்கு 50 லட்சமும் தர வேண்டும்.' அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் ஷரத்து தொகையை மட்டும்தான் நடுவரிடம் அனுப்புகிறது. சர்வேயரின் நேர்மை, நிறுவனத்தின் சேவைக் குறைபாடு, மன உளைச்சல் எல்லாம் அதற்கு வெளியே. 'இவர் கேட்பது தொகைத் தகராறே அல்ல, ஷரத்து பொருந்தாது' என்று எதிர்த்தரப்பு சொல்ல நாமே வழி செய்துகொடுக்கிறோம்.

அதே விஷயத்தை நடுநிலையாக எழுதினால் இப்படி வரும்:

'மேற்படி பாலிசியின்கீழ் 2024 ஜூன் மாதத் தீ விபத்துக்கான பொறுப்பை நிறுவனம் தன் கடிதத்தில் ஏற்றுக்கொண்டு, 1,36,00,000 ரூபாய் தர முன்வந்துள்ளது. காப்பீடு பெற்றவர் 1,90,00,000 ரூபாய் கோருகிறார். வேறுபாடு பின்வரும் மூன்று கேள்விகளில் அடங்கும். ஒன்று, எரிந்த பேல்கள் 650ஆ, 700ஆ? இரண்டு, மிச்சப் பஞ்சின் மதிப்பு 12 லட்சமா, 6 லட்சமா? மூன்று, விபத்து நாளில் காப்பீட்டுக்கு உட்பட்ட பருத்தியின் மொத்த மதிப்பு 5 கோடியா, 4 கோடியா? இவற்றின் அடிப்படையில் தர வேண்டிய தொகையையும் அதன்மீதான வட்டியையும் தீர்மானிக்க, நடுவர் ஷரத்தின்கீழ் இத்தகராறு நடுவரிடம் விடப்படுகிறது. காப்பீடு பெற்றவரின் மற்ற உரிமைகள் எதுவும் இதனால் விட்டுக்கொடுக்கப்படவில்லை.'

இரண்டு பக்கமும் மறுக்க முடியாத வாக்கியங்களாக இருப்பதைக் கவனியுங்கள். நிறுவனத்தின் எண்ணும் இருக்கிறது, மில்லின் எண்ணும் இருக்கிறது, எது சரி என்று அதில் இல்லை. நம் பக்க வாதம், சீட்டுகள், கூலிப் பஞ்சுக்கான ரசீதுகள் எல்லாம் பிறகு கொடுக்கப் போகும் கோரிக்கை மனுவுக்கு உரியவை. நடுநிலையாக எழுதுவது விட்டுக்கொடுப்பதும் அல்ல. 'சர்வேயர் 650 என்று சரியாகக் கண்டார், ஆனாலும்...' என்பதுபோல ஒரு சொல் நழுவினால் அதுவே நமக்கு எதிரான ஒப்புதல் ஆகிவிடும். மூன்றாவது கேள்வியை மறந்து முதல் இரண்டை மட்டும் எழுதினாலும் ஆபத்து. 34 லட்சம் நடுவருக்கு முன்னால் வந்ததா இல்லையா என்று தனிச் சண்டை தொடங்கும்.

நோட்டீஸின் இரண்டாம் பாதியில் இரண்டு மூன்று பெயர்களை நடுவராக முன்மொழிந்து 30 நாளுக்குள் பதில் கேளுங்கள். உங்கள் ஆடிட்டரையோ வக்கீலையோ எழுதாதீர்கள். 2015இல் திருத்தப்பட்ட சட்டம், தரப்போடு தொழில் உறவு உள்ளவர்களை நடுவராக இருக்கத் தகுதியற்றவர்கள் ஆக்கிவிட்டது. அதே தடை நிறுவனத்தின் ஆட்களுக்கும் உண்டு, தனக்கு வேண்டிய ஒருவரை ஒருதலையாக ஒற்றை நடுவராகப் போட அதனாலும் முடியாது. 30 நாளில் உடன்பாடும் வரவில்லை, தன் நடுவரையும் நிறுவனம் நியமிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் 11ஆம் பிரிவின்கீழ் மனு போடலாம். நடவடிக்கை தொடங்கும் நாள், நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கைக்குக் கிடைத்த நாள்தான் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலும், கூடவே மின்னஞ்சலிலும் அனுப்பி இரண்டின் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

இடையில் ஒரு பொறி உண்டு. நிறுவனம் தான் ஒப்புக்கொண்ட தொகையைத் தரும்போது 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்' என்று டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துக் கேட்கும். கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போது கையெழுத்துப் போடாமல் இருப்பது கடினம். குஜராத்தின் கிரிஷ் ஸ்பின்னிங் நிறுவனத்துக்கு நடந்தது அதுதான். 2018இல் ஏற்பட்ட முதல் தீயில் சுமார் 1 கோடியே 76 லட்சம் கேட்டவர்கள், சுமார் 84 லட்சத்துக்கு அப்படிக் கையெழுத்திட்டுப் பிறகு நடுவரைக் கோரினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வவுச்சர் மட்டுமே நடுவர் வழியை அடைத்துவிடாது, அது மனமொப்பிப் போட்ட கையெழுத்தா என்பதையும் நடுவரே பார்க்கட்டும் என்றது. இருந்தாலும் அதை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். 2014இல் ஜீனஸ் பவர் வழக்கில், வற்புறுத்தல் இருந்ததாக நம்பும்படி காட்ட முடியாததால் அதே நீதிமன்றம் நடுவரை மறுத்தது. தகராறில்லாத தொகையைப் பகுதிப் பணமாகத் தரும்படி கேளுங்கள். மறுத்தால், கையெழுத்துப் போட்ட அன்றே 'எதிர்ப்போடு பெற்றேன்' என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்புவதற்கு அந்த வலு இல்லை.

செலவையும் பார்த்துவிட வேண்டும். சட்டத்தின் நான்காம் அட்டவணையில் மாதிரிக் கட்டணம் இருக்கிறது. 54 லட்சத் தகராறுக்கு அது 1,99,500 ரூபாய், நடுவர் ஒருவராக இருந்தால் கால் பங்கு கூடுதலாகச் சேர்ந்து ஏறத்தாழ இரண்டரை லட்சம். மூவர் என்றால் ஆறு லட்சத்தை நெருங்கும், வக்கீல் கட்டணம் தனி. இந்தத் தொகைக்கு ஒற்றை நடுவரை ஒப்புக்கொள்வதே இரு தரப்புக்கும் லாபம். நோட்டீஸின் நிதானமான தொனி அந்த ஒப்புதலையும் எளிதாக்குகிறது. மனுக்கள் முடிந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம் நீட்டலாம்.

நோட்டீஸை அனுப்பும் முன், இந்த விவகாரம் எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு தொகைகளும் எந்தெந்த இடத்தில் பிரிகின்றன என்று அவரால் சொல்ல முடிந்தால் அனுப்புங்கள். முடியவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.