எண்ணை மறைத்தது யார்?

யூடியூபில் ஒரு சேனலுக்குள் போனால், பெயருக்குக் கீழே எத்தனை பேர் சப்ஸ்க்ரைப் செய்திருக்கிறார்கள் என்ற எண் இருக்கும். ஒரு காலத்தில் சில சேனல்களில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வீடியோ உண்டு, சப்ஸ்க்ரைப் பட்டனும் உண்டு, எண் மட்டும் கிடையாது. யூடியூப் தண்டித்திருக்கிறது என்று சிலரும், ஏதோ கோளாறு என்று சிலரும் நினைத்தார்கள். இரண்டும் இல்லை. மறைத்தவர் அந்தச் சேனலின் சொந்தக்காரர்தான்.

யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில், சேனல் பகுதியின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும், எண் பார்வையாளர்களுக்குத் தெரியாது. உரிமையாளருக்கு மட்டும் ஸ்டுடியோவில் வழக்கம்போலத் தெரியும். சேனல் விவரங்களை எடுத்துத் தரும் மென்பொருள்களுக்கும் யூடியூப் எண்ணைக் கொடுக்காமல், மறைக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பை மட்டும் அனுப்பும்:

```
"hiddenSubscriberCount": true
```

நல்ல மனதோடு மறைத்தவர்கள் நிறையப் பேர். புதிதாகச் சமையல் வீடியோ போடத் தொடங்கும் ஒருவருக்கு 37 என்ற எண் எல்லோர் கண்ணிலும் படுவது சங்கடம். எண்ணைப் பார்த்துவிட்டு வீடியோவைப் பார்க்காமலே போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அதே கட்டத்தை மோசடிக்காரர்களும் கண்டுகொண்டார்கள். மார்க்கஸ் பிரௌன்லீ என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப விமர்சகரின் வீடியோவுக்குக் கீழே ஒரு ரசிகர் கமெண்ட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில், பிரௌன்லீயின் படமும் பெயரும் கொண்ட ஒரு கணக்கிலிருந்து பதில் வருகிறது: உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இந்த டெலிகிராம் எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள். ரசிகருக்குச் சந்தேகம் வந்து அந்தப் பெயரைத் தட்டுகிறார். அதே முகம், அதே பெயர். கோடிக்கும் மேல் இருக்க வேண்டிய எண் அங்கே 4 என்றோ 11 என்றோ இருந்திருந்தால் குட்டு அப்போதே உடைந்திருக்கும். எண்ணே இல்லாததால் சந்தேகம் அடங்கிவிடுகிறது. அடுத்து டெலிகிராமில் பரிசை அனுப்ப ‘தபால் செலவு’ கேட்பார்கள். இதில் பணத்தை இழந்தவர்கள் ஒருவர்மேல் உள்ள பிரியத்தால் ஏமாந்தவர்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2022-இல் பிரௌன்லீயே இதைப் பற்றி வீடியோ போட்டார். வேறு பெரிய சேனல்காரர்களும் குரல் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 29 முதல் எண்ணை மறைக்கும் வசதியை யூடியூப் எடுத்துவிட்டது. சேனல் பெயரில் போடக்கூடிய சிறப்புக் குறியீடுகளையும் குறைத்தது. அசல் பெயரைப்போலவே கண்ணுக்குத் தெரியும் போலிப் பெயர்கள் அந்தக் குறியீடுகளைக் கொண்டுதான் உருவாகின. கூச்சத்தில் மறைத்திருந்த சமையல்காரரின் 37-ம் அதோடு வெளியே வந்தது. அவருக்கு அது இழப்புதான். ஆனாலும் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

ஆகவே எண் இல்லாத சேனலின் பழைய ஸ்க்ரீன்ஷாட் கண்ணில் பட்டால், மறைத்தவர் உரிமையாளர் என்று கொள்ளலாம். இன்று ஒருவர் ‘நான்தான் எண்ணை மறைத்து வைத்திருக்கிறேன்’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கட்டமே இப்போது இல்லை.

எண் முழுதாகத் தெரியாமல் இருப்பது வேறு விஷயம். 2019 முதல், ஆயிரத்தைத் தாண்டிய எண்களை யூடியூப் கீழ்நோக்கிச் சுருக்கிக் காட்டுகிறது. 4,227 பேர் இருந்தால் 4.22 ஆயிரம் என்றுதான் வெளியே தெரியும். எண்ணை நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து மனம் உளைவதாகச் சேனல்காரர்கள் சொன்னதை யூடியூப் அதற்கு ஒரு காரணமாகச் சொன்னது. இது எல்லாச் சேனலுக்கும் பொது. உரிமையாளர் தேர்ந்தெடுத்தது அல்ல.

எண் தெரிவதாலேயே சேனல் அசல் என்று ஆகிவிடாது. 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனலைத் திருடர்கள் கைப்பற்றி, டெஸ்லா என்று பெயர் மாற்றி, கிரிப்டோ மோசடி நேரலை நடத்தினார்கள். ஒன்றரைக் கோடி சப்ஸ்க்ரைபர்கள் என்ற உண்மையான எண் அப்போதும் அப்படியே இருந்தது. அதனால் கமெண்டில் பரிசுச் செய்தி வந்தால் எண்ணோடு நிற்காமல் இன்னொன்றையும் பாருங்கள். வீடியோ போட்டவரே எழுதிய கமெண்டில் அவர் பெயர் தனி நிறப் பின்னணியில் எடுத்துக் காட்டப்படும். பெயருக்குப் பதில் அங்கே தெரியும் @ அடையாளம் ஒருவருக்கு ஒன்றுதான். அதை வீடியோவின் கீழே உள்ள சேனலின் அடையாளத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். போலியில் ஓர் எழுத்தோ ஒரு புள்ளியோ கட்டாயம் மாறியிருக்கும்.