3, 6, 9... மூன்று பிளேடு திட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு தெரியுமா?

மாதம் ஒரு டாலருக்கு ஷேவிங் பிளேடு வீடு தேடி வரும் என்று சொல்லி 2012-இல் அமெரிக்காவையே திரும்பிப் பார்க்க வைத்தது டாலர் ஷேவ் கிளப். அந்த ஒரு டாலர் திட்டத்துக்குத் தபால் செலவு தனியாக 2 டாலர் இருந்தது தெரியுமா? ஆக, கையை விட்டுப் போனது 3 டாலர். அடுத்த திட்டம் அப்போது 6, அதற்கு மேல் 9. ஒவ்வொரு படிக்கும் மூன்றே டாலர்தான் வித்தியாசம்!

இன்னும் அழகு உள்ளே இருந்தது. கீழ்த் திட்டத்தின் கார்ட்ரிஜில் 2 பிளேடு, நடுவில் 4, மேலே 6. வாங்குபவர் தன் தாடையைத் தடவிப் பார்த்தே முடிவெடுத்துவிட முடிந்தது. மூன்றையும் பிரித்துக் காட்டியது முக்கியமாக ஒரே ஒரு அளவுகோல்!

இந்தக் கணக்கை நம்மூருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஃபில்டர் காபித் தூளை மாதாமாதம் பெட்டியில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 250 கிராம், 500 கிராம், ஒரு கிலோ என்றுதான் முதலில் கை போகும். அங்கேதான் சறுக்கல்! ஒரு டம்ளருக்குச் சுமார் 10 கிராம் தூள். தினம் ஒரு காபி குடிப்பவருக்கு 250 கிராம் 25-ஆம் நாளே தீர்ந்துவிடும். 500 கிராம் வாங்கினால் பாதியைச் சற்றுத் தாண்டும்போதே அடுத்த பெட்டி வந்து நிற்கும். "போன மாசத் தூளே இருக்கு, நிறுத்திடுங்க" என்று போன் வந்தால் ருசியைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் அளவைப் பாருங்கள்.

எடையை விட்டுவிட்டு டம்ளரை எண்ணுங்கள்! தினம் ஒரு காபி என்றால் 300 கிராம், 270 ரூபாய். இரண்டு காபிக்கு 600 கிராம், 510 ரூபாய். நான்கு காபிக்கு 1,200 கிராம், 960 ரூபாய். கூரியர் எல்லாம் உட்பட. ஒரு டம்ளர் 9 ரூபாய், எட்டரை, 8 என்று இறங்கி வருவதைப் பாருங்கள்! தனியாகத் தங்கி வேலைக்குப் போகிறவர், கணவன் மனைவி, நாலு பேர் உள்ள வீடு என்று மூன்று திட்டத்துக்கும் ஆள் தெரிகிறது.

ஒன்றில் சிக்கரி, இன்னொன்றில் டம்ளர் இலவசம், மூன்றாவதில் வேறு வறுவல் என்று கலந்தால் போச்சு! எதை எதோடு ஒப்பிடுவது? சிக்கரி வேண்டுமா என்பதை ஆர்டர் எடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டுக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ போடும் அட்டையிலும் அதே ஒழுங்கு வேண்டும். யாருக்கு, எத்தனை டம்ளர், மாதத்துக்கு எவ்வளவு, ஒரு டம்ளர் என்ன விலை. மூன்று திட்டத்துக்கும் இந்த நாலு வரி, இதே வரிசையில்.

போடும் முன் வீட்டில் ஒருவரிடம் அட்டையைக் காட்டி, "நம்ம வீட்டுக்கு எது?" என்று கேளுங்கள். உடனே விரல் வைக்காமல் யோசித்தால், அட்டையைத் திருத்திவிட்டுப் போடுங்கள்.