புள்ளிகளைத் தெரிந்தெடுத்தல்: கவுசின் தொகையிடல் முறை

ஒரு சார்பின் தொகையீட்டை நேரடியான சூத்திரத்தாற் பெறமுடியாதவிடத்து, அச்சார்பின் பெறுமானத்தைச் சில புள்ளிகளிற் கணித்து, அப்பெறுமானங்களைத் தக்க நிறைகளாற் பெருக்கிக் கூட்டுவது வழக்கம். சரிவக விதியும் சிம்சனின் விதியும் இவ்வகையினவே. இவற்றில் நிறைகள் ஆராய்ந்து பெறப்படுகின்றன. புள்ளிகளோ, ஆயிடையைச் சமமாகப் பிரிப்பனவாக முன்னரே வைக்கப்பட்டுவிடுகின்றன. புள்ளிகள் சமதூரத்தில் இருக்கவேண்டும் என்பதற்குக் கணிதக் காரணம் ஏதும் உண்டா? 1814ஆம் ஆண்டிலே கொற்றிங்கன் அறிவியற் கழகத்துக்கு அளித்த ஆய்வொன்றில் காள் பிரீட்ரிக் கவுஸ் இவ்வினாவையே எடுத்துக்கொண்டார். அவர் கண்ட விடையையும், அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதையும் இக்கட்டுரையில் நாம் நோக்குவோம்.

கவுஸ் தமது ஆய்விற் கையாண்ட உதாரணத்தையே நாமும் கொள்வோம். x இன் இயற்கை மடக்கையால் 1 ஐ வகுக்கக் கிடைக்கும் சார்பை, 100000 தொடக்கம் 200000 வரை தொகையிடவேண்டும். இத்தொகையீடு அவ்வெல்லைகளுக்கிடையே எத்தனை முதன்மை எண்கள் உள்ளன என்பதை அண்ணளவாகத் தருவது. சாதாரண சார்புகளால் இதனை எழுதிவிட முடியாது. கையாற் கணிப்பவருக்கு ஒவ்வொரு புள்ளியும் ஒரு மடக்கையையும் நீண்ட வகுத்தல் ஒன்றையும் வேண்டிநிற்கும். ஆகவே மூன்று புள்ளிகளாற் பெறத்தக்கதை முப்பது புள்ளிகளாற் பெறுவது வீண் உழைப்பாகும்.

முதலில் எளிய நிலையொன்றைப் பார்ப்போம். ஆயிடை -1 இலிருந்து 1 வரை உள்ளது என்க. இரண்டு புள்ளிகளை மாத்திரம் பயன்படுத்த நமக்கு அனுமதியுண்டு என்க. புள்ளிகளை ஈற்றில் நிறுத்தினால் சரிவக விதி கிடைக்கும். அது நேர்கோடுகளுக்கு மாத்திரம் திருத்தமானது. ஆனால் புள்ளிகளையும் நாமே தெரிவுசெய்யலாம் எனின், இரண்டு நிறைகளும் இரண்டு இடங்களுமாக நான்கு தெரியாக்கணியங்கள் நம் வசம் உள்ளன. எனவே 1, x, x², x³ ஆகிய நான்கிற்கும் விதி திருத்தமாக அமையவேண்டும் என நான்கு நிபந்தனைகளை விதிக்கலாம். புள்ளிகளை a, -a எனச் சமச்சீராக வைத்து, நிறை ஒவ்வொன்றையும் 1 எனக் கொண்டால், 1 இற்குரிய நிபந்தனை நிறைவேறும். x, x³ ஆகியவற்றின் தொகையீடு சுழியமாதலால் அவையும் தாமாகவே நிறைவேறும். எஞ்சுவது x² மாத்திரமே. அதன் தொகையீடு 2/3; விதி தருவது 2a². ஆகவே a² = 1/3, அதாவது a ஏறத்தாழ 0.57735. இரண்டே புள்ளிகள் மூன்றாம் படிப் பல்லுறுப்பிகள் யாவற்றையும் திருத்தமாகத் தொகையிடுகின்றன.

மூன்று புள்ளிகளுக்கு இவ்வாறே செய்தால், புள்ளிகள் 0 உம் ±√(3/5) உம் ஆகும். நிறைகள் முறையே 8/9, 5/9, 5/9 ஆகும். இவ்விதி ஐந்தாம் படிவரை திருத்தமானது.

இப்பொழுது உதாரணத்துக்குத் திரும்புவோம். ஆயிடையின் நடுப்புள்ளி 150000, அரைநீளம் 50000. மேற்கூறிய இடங்களை 50000 ஆற் பெருக்கி 150000 உடன் கூட்டினால் உரிய புள்ளிகள் வரும். நிறைகளையும் 50000 ஆற் பெருக்கவேண்டும். மூன்று புள்ளிகள் ஏறத்தாழ 111270, 150000, 188730 என அமைகின்றன. அவற்றிற் சார்பின் பெறுமானங்கள் 0.0860606, 0.0839039, 0.0823176. நிறைகளாற் பெருக்கிக் கூட்ட 8406.237 கிடைக்கின்றது. உண்மைப் பெறுமானம் 8406.243 ஆகும். வழு 0.006 அளவே. இதே மூன்று கணிப்புகளைச் சிம்சனின் விதிப்படி ஈறுகளிலும் நடுவிலும் செய்தால் 8406.685 வரும், வழு 0.44. உழைப்பு ஒன்றே, வழுவோ ஏறக்குறைய எழுபது மடங்கு. கவுசின் இருபுள்ளி விதியும் 8405.955 எனத் தந்து, சிம்சனின் மூன்று புள்ளிகளை விஞ்சிவிடுகின்றது.

இவ்வளவு குறைந்த உழைப்பால் இத்துணைத் திருத்தம் எவ்வாறு வருகின்றது? இதற்கு மிகத் தெளிவான விளக்கத்தை 1826இல் யாக்கோபி அளித்தார். n புள்ளிகளிற் சுழியமாகும் n ஆம் படிப் பல்லுறுப்பியை P என்க. 2n-1 இற்கு மேற்படாத படியுடைய எந்தப் பல்லுறுப்பியையும் P ஆல் வகுக்கலாம். ஈவும் மீதியும் n-1 இற்கு மேற்படாத படியுடையன. P × ஈவு என்னும் பகுதி, நாம் தெரிந்த எல்லாப் புள்ளிகளிலும் சுழியமாகிவிடும். ஆகவே விதி அதனைக் காண்பதேயில்லை. அப்பகுதியின் உண்மையான தொகையீடும் சுழியமாயின், இழப்பு எதுவும் இராது. அவ்வாறு சுழியமாவதற்கு, P ஆனது தன்னிலும் குறைந்த படியுடைய எல்லாப் பல்லுறுப்பிகளுக்கும் நிமிர்கோணமாக இருத்தல் வேண்டும். அத்தகைய பல்லுறுப்பிகளே இலெசாந்தர் பல்லுறுப்பிகள். அவற்றின் மூலங்களே கவுசின் புள்ளிகள். மீதியோ n-1 ஆம் படிக்குட்பட்டது. அதனை எந்த n புள்ளிகளும் தக்க நிறைகளுடன் திருத்தமாகத் தொகையிடும்.

இதற்கு மேலும் முன்னேற இயலாது என்பதையும் எளிதிற் காணலாம். P இன் வர்க்கம் 2n ஆம் படியுடையது. விதி அதற்குச் சுழியத்தைத் தரும். ஆனால் வர்க்கமாதலால் அதன் தொகையீடு நேரானது. எனவே n புள்ளிகளைக் கொண்ட எந்த விதியும் 2n ஆம் படியைத் திருத்தமாகத் தரமாட்டாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கவுசின் வெற்றி, சார்பு பல்லுறுப்பியைப் போன்று ஒழுங்காக நடந்துகொள்வதிலேயே தங்கியுள்ளது. வளையி முறியுமிடத்து அது உதவாது. -1 இலிருந்து 1 வரை x இன் மட்டுப் பெறுமானத்தைத் தொகையிட்டால் உண்மை விடை 1. இருபுள்ளி விதி 1.155 எனவும், முப்புள்ளி விதி 0.861 எனவும், நாற்புள்ளி விதி 1.043 எனவும் தருகின்றன. விடை மேலும் கீழுமாக ஊசலாடுவதே நோயின் அறிகுறி. மாறாக, நமது உதாரணத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு புள்ளிகள் முறையே 8390.395, 8405.955, 8406.237, 8406.243 எனத் தந்து ஒரே திசையில் விரைந்து நிலைபெறுகின்றன. மட்டுப் பெறுமானச் சார்பில் மருந்து, முறிவுப் புள்ளியில் ஆயிடையைப் பிரிப்பதாகும்: சுழியத்திற் பிரித்தால், ஒவ்வொரு பாதிக்கும் ஒரு புள்ளியே போதும்.

மற்றொரு குறையும் உண்டு. n இலிருந்து n+1 இற்குச் செல்லும்போது, பழைய புள்ளிகள் எவையும் பயன்படா. ஆகவே வழுவை அறிய விரும்புவோர் செலவைத் திரும்பவும் செலுத்தவேண்டும். பழைய n புள்ளிகளையும் வைத்துக்கொண்டு மேலும் n+1 புள்ளிகளைச் சேர்க்கும் வழியை 1964இல் குரொன்றொட் தந்தார். இரு விடைகளின் வேறுபாடு வழுவின் அளவைக் காட்டும். மேலும், மணிக்கொரு தடவை எடுக்கப்பட்ட மழை அளவீடுகள் போன்று இடம் ஏற்கெனவே நிருணயிக்கப்பட்ட தரவுகளுக்குக் கவுசின் தெரிவுரிமை இல்லை. அங்கே சிம்சனே ஏற்றவர்.

ஈற்றில் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். 100000 இற்கும் 200000 இற்கும் இடையே உண்மையில் 8392 முதன்மை எண்களே உள்ளன. தொகையீட்டோடுள்ள இந்த 14 இன் வேறுபாட்டை எத்தனை புள்ளிகளைச் சேர்த்தாலும் நீக்கமுடியாது. அது தொகையிடலின் வழுவன்று. தொகையீட்டுக்கும் முதன்மை எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. கணிப்பின் வழுவை மிகச் சிறிதாக்கியபின்னரே, இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது என்று ஐயமின்றி நாம் கூறமுடிகின்றது.